மோதல் செய்திக்கு தலைப்பு போடுவது எப்படி? ஒரு வார்த்தை மாறினால் ஊரே மாறும்: உத்தப்புரம் சுவர் சொல்லும் பாடம்

தாண்டிக்குடி,

மலைக்கிராமத்தில் இரண்டு தரப்பினர் அடித்துக்கொண்டால், காயம்பட்டவர் ஆஸ்பத்திரிக்கு போய்ச்சேரும் முன்பே செய்தி வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடுகிறது. முதலில் செல்போனில் ஒரு வரி வரும். அடுத்து படம் வரும். அதற்குப்பிறகுதான் பத்திரிகை செய்தி. அந்த செய்தியின் தலைப்பில் என்ன வார்த்தை இருக்கிறது என்பதைப் பொறுத்து, மறுநாள் ஊர் அமைதியாக இருக்குமா, இன்னும் நாலு கல் பறக்குமா என்பது பாதி முடிவாகிவிடும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி பக்கம் காப்பி, மிளகு, மலைவாழை, சவ்சவ், அவரை என்று பிழைப்பு நடத்துகிறவர்கள் அதிகம். விளைந்த சரக்கு கீழே இறங்கினால்தான் காசு. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு பஸ் ஓடினால்தான் அன்றைய சம்பளம். "மலையில் கலவரம்" என்று ஒரு தலைப்பு பரவினால், எங்கோ ஒரு தெருமுனையில் நடந்த தகராறுக்காக மொத்த மலைக்கும் லாரி வராமல் போகும். பெட்டியில் கட்டிய சரக்கு அப்படியே கிடக்கும்.

ஆகவே இப்படிப்பட்ட செய்தி எப்படி எழுதப்படுகிறது, எங்கே தப்பு நடக்கிறது, படிக்கிறவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை தெரிந்துகொள்வது நல்லது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

உத்தப்புரம் சுவர்

இதற்கு நல்ல உதாரணம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. மதுரை மாவட்டம் பேரையூர் தாலுகா எழுமலை அருகே உள்ள கிராமம் உத்தப்புரம். 1989-ம் ஆண்டு இங்கே இரண்டு சமூகத்தினர் இடையே உயிர்ப்பலி வரை போன மோதல் நடந்தது. அதன்பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டு, இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவே நீளமாக ஒரு சுவர் எழுப்பப்பட்டது.

சுமார் 20 வருஷம் அந்த சுவர் வெளியூரில் பெரிதாகப் பேசப்படவில்லை. 2008-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், சுவரின் மேல் மின்சாரக் கம்பி ஓடுகிறது என்ற செய்தி வெளியே வந்தது. சட்டசபை வரை பிரச்சினை போனது. மின் இணைப்பு அகற்றப்பட்டது. அடுத்து, மே மாதம் 6-ந்தேதி மாவட்ட நிர்வாகம் பலத்த போலீஸ் பாதுகாப்புடன் சுவரில் ஒரு பகுதியை இடித்து பாதை திறந்துவிட்டது.

இதை எதிர்த்து மறுதரப்பு குடும்பங்கள் ரேஷன் கார்டுகளை திருப்பிக்கொடுத்துவிட்டு, ஊரை விட்டு மலையடிவாரத்தில் போய் தங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் மோதல் வந்தது. நவம்பரில் அந்த வட்டாரத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் பலியானார். 2011-ம் ஆண்டு அக்டோபரில்தான் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்தார்கள். நவம்பர் 10-ந்தேதி தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் சென்று சாமி கும்பிட்டார்கள்.

ஆக, கம்பி செய்தி வந்த நாளில் இருந்து கோவில் கதவு திறக்க மூன்றரை வருஷம். இந்த மூன்றரை வருஷமும் பத்திரிகைக்காரர்கள் அந்த ஊரைப்பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் முன்னால் நின்ற முதல் கேள்வி, அந்த சுவருக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான்.

எந்த சுவர்?

ஒரு தரப்புக்கு அது "தீண்டாமைச் சுவர்". பொதுப்பாதையை அடைத்து, தங்களை சுற்றுவழியில் போகவைக்கிற சுவர் என்பது அவர்கள் புகார். மறுதரப்புக்கு அது "பாதுகாப்புச் சுவர்". கலவரத்துக்குப் பயந்து, ஒப்பந்தப்படி, எங்கள் இடத்தில் கட்டியது என்பது அவர்கள் வாதம். அந்த ஒப்பந்தத்தில் கட்டாயப்படுத்தி கையெழுத்து வாங்கினார்கள் என்று முதல் தரப்பு சொன்னது.

தலைப்பில் "பாதுகாப்புச் சுவர் இடிப்பு" என்று போட்டால், பத்திரிகை ஒரு தரப்பின் வாதத்தை உண்மை என்று முத்திரை குத்தியதாகிவிடும். யாரோ வந்து அநியாயமாக இடித்த மாதிரியும் தெரியும். "தீண்டாமைச் சுவர் இடிப்பு" என்று போட்டால், அது ஒரு குற்றச்சாட்டு. அதை சொன்னது யார் என்று சேர்த்துச் சொன்னால் அது செய்தி. சொல்லாவிட்டால் அது தீர்ப்பு.

இதற்கு இந்திய பத்திரிகை கவுன்சிலின் நடத்தை நெறிகளில் தெளிவான விதி இருக்கிறது. தலைப்பில் குற்றச்சாட்டு வந்தால், அதை சொன்னது யார் என்று குறிப்பிட வேண்டும். இடம் இல்லை என்றால், குறைந்தபட்சம் மேற்கோள் குறியாவது போட வேண்டும். இரண்டு சின்னக் கோடுதான். ஆனால் "இது எங்கள் வார்த்தை இல்லை, அவர்கள் வார்த்தை" என்று படிக்கிறவருக்கு அது சொல்லிவிடும்.

மூன்றாவது வழியும் உண்டு. "உத்தப்புரம் சுவரில் ஒரு பகுதி இடிப்பு, பாதை திறப்பு" என்று மட்டும் போடுவது. இதில் நடந்தது மட்டும் இருக்கிறது. மற்றதை செய்தியின் உள்ளே, யார் என்ன சொன்னார்கள் என்ற பெயரோடு எழுதலாம்.

தகர்ப்பா? இடிப்பா?

அன்று இடிக்கப்பட்டது மொத்த சுவரும் அல்ல. ஆள் போக வர ஒரு பாதை அளவுக்குத்தான் இடித்தார்கள். "சுவர் தரைமட்டம்", "சுவர் தகர்ப்பு" என்று தலைப்பு போட்டால் அது கவர்ச்சியாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. அதுமட்டும் இல்லை, வெளியூரில் வேலை பார்க்கும் அந்த ஊர் பையன் அதைப் படித்தால் "நம்ம தெருவுக்கு என்ன ஆச்சோ" என்றுதான் ஓடி வருவான். "ஒரு பகுதி" என்ற இரண்டு வார்த்தையை சேர்த்தால் போதும், அந்த ஓட்டம் நின்றுவிடும்.

மலையடிவாரத்துக்குப் போனவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். அவர்கள் எதிர்ப்பு தெரிவித்து வெளியேறினார்கள். அதை "அகதிகளாக தஞ்சம்" என்று எழுதினால் யாரோ அடித்து விரட்டியது போல் ஆகிவிடும். "நாடகம்" என்று எழுதினால் கைக்குழந்தையோடு காட்டில் கிடந்த பெண்களை கேலி செய்தது போல் ஆகிவிடும். "எதிர்ப்பு தெரிவித்து வெளியேறினர்" என்பதில் இந்த இரண்டு வம்பும் இல்லை. எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கையை மட்டும் தாசில்தாரிடமும், அங்கே தங்கியவர்களிடமும் தனித்தனியாக கேட்டு, இரண்டையும் எழுத வேண்டும்.

மூடி மறைப்பது அல்ல

கவனமாக எழுதுவது என்றால் எல்லாவற்றையும் பூசி மெழுகுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. இதற்கு தர்மபுரி சம்பவம் உதாரணம்.

2012-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய 3 தாழ்த்தப்பட்டோர் காலனிகளில் கும்பல் புகுந்தது. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு தீவைக்கப்பட்டன. ஒரு காதல் திருமணமும், அதைத்தொடர்ந்து பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதும் இதற்கு முன்னால் நடந்தவை.

இதை "இரு தரப்பினர் மோதல்" என்று எழுதினால் என்ன அர்த்தம்? இரண்டு பக்கமும் நின்று அடித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். ஆனால் அன்று ஒரு பக்கத்தார் வந்து கொளுத்தினார்கள். மறுபக்கத்தார் உயிர் பிழைக்க ஓடினார்கள். அங்கே "மோதல்" என்பது நடுநிலை வார்த்தை கிடையாது, தப்பான வார்த்தை. "தாக்குதல்", "தீவைப்பு" என்பதுதான் சரி.

"காதல் திருமணத்தால் கலவரம்" என்ற தலைப்பிலும் கோளாறு இருக்கிறது. திருமணம் செய்தவர்கள் தீவைக்கவில்லை. தீவைத்தது கும்பல். "ஆல்" என்ற ஒரு உருபு, பழியை கும்பலிடம் இருந்து தூக்கி மணமக்கள் தலையில் வைத்துவிடுகிறது. "3 காலனிகளில் வீடுகளுக்கு தீவைப்பு" என்று தலைப்பு போட்டு, திருமணத்தை உள்ளே பின்னணியாக எழுதலாம். நடந்தது எல்லாம் அதில் வந்துவிடும், பழி மட்டும் இடம் மாறாது.

சாதிப் பெயரை எழுதலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். சாதாரண அடிதடியில் அது தேவை இல்லை. பஸ்சில் சீட்டு பிடிக்க இரண்டு பேர் சண்டை போட்டு, அவர்கள் வேறு வேறு சாதியாகவோ மதமாகவோ இருந்தால், அது சாதிச்சண்டை ஆகிவிடாது. தனிப்பட்ட தகராறுக்கு வகுப்புச்சாயம் பூசக்கூடாது என்று பத்திரிகை கவுன்சில் 1969-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

ஆனால் சாதிதான் காரணம் என்று புகார் இருந்து, 1989-ம் ஆண்டு வன்கொடுமை தடுப்பு சட்டத்தில் வழக்கும் போட்டிருந்தால், அங்கே சாதியை மறைப்பது முழுப்பூசணிக்காயை சோற்றில் மறைக்கிற கதை. குற்றமே அதில்தான் இருக்கிறது. அப்போது புகாரில் உள்ளபடி, செய்தியின் உள்ளே ஒருமுறை எழுதுவது போதும். தலைப்பில் தேவை இல்லை. பத்தி தவறாமல் சொல்லிக்கொண்டே போகவும் தேவை இல்லை.

"குறிப்பிட்ட சமூகத்தினர்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தெருப்பெயரையும் காலனிப் பெயரையும் போடுகிற பழக்கமும் உண்டு. இதனால் உள்ளூர்க்காரர் யாருக்கும் எதுவும் மறையாது. பார்த்தால் கவனம் போலத் தெரியும், ஆனால் பலன் கிடையாது.

மலையில் நடந்தால்...

இதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். தாண்டிக்குடியில் இப்படி நடந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். விளக்கத்துக்காக மட்டும் சொல்லப்படுகிறது.

மாலை நேரம், பஸ் நிறுத்தம் அருகே இரண்டு மோட்டார் சைக்கிள் உரசுகிறது. இரண்டு வாலிபர்களும் வெவ்வேறு சமூகம். கைகலப்பு. ஒருமணி நேரம் கழித்து இரு தரப்பிலும் ஆள் கூடுகிறார்கள். கல்வீச்சு நடக்கிறது. போலீசார் வந்து கலைக்கிறார்கள். சிலருக்கு காயம். ஒரு கடையின் கண்ணாடி உடைகிறது.

அவசரத்தில் போடுகிற தலைப்பு இப்படி இருக்கும்: "தாண்டிக்குடியில் பயங்கரம்! இரு சமூகத்தினர் பயங்கர மோதல்; போர்க்களமானது கிராமம்; போலீஸ் குவிப்பு; பதட்டம்".

இதில் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்க்க வேண்டும். "பயங்கரம்" என்பது நடந்ததை சொல்லவில்லை, பயப்படச்சொல்கிறது. "இரு சமூகத்தினர்" என்றால் இரண்டு சமூகத்திலும் உள்ள அத்தனை பேரும் என்று அர்த்தம். அன்று தெருவில் நின்றவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் தோட்டத்தில் இருந்து அப்போதுதான் திரும்பிக்கொண்டு இருப்பார்கள். "போர்க்களமானது கிராமம்" என்றால் மொத்த ஊரும் எரிகிறது என்று வெளியூரில் நினைப்பார்கள். கல் விழுந்தது ஒரு தெருமுனையில்.

"போலீஸ் குவிப்பு" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் எண்ணிக்கை இல்லாமல் எழுதினால் அது பீதி. "30 போலீசார் பாதுகாப்பு" என்று எழுதினால் அது தகவல். "பதட்டம்" என்பதும் அப்படியே. கடை திறந்திருக்கிறதா, பள்ளிக்கூடம் நடக்கிறதா, பஸ் ஓடுகிறதா என்று எழுதினால் பதட்டம் இருக்கிறதா இல்லையா என்று படிக்கிறவரே முடிவு செய்துகொள்வார்.

சரியான தலைப்பு எப்படி இருக்கும்? "தாண்டிக்குடி பஸ் நிறுத்தம் அருகே தகராறு, கல்வீச்சு: 4 பேர் காயம், போலீஸ் விசாரணை, பஸ் போக்குவரத்து பாதிப்பு இல்லை". இதில் இடம் சுருங்கிவிட்டது. காயம் எண்ணிக்கை இருக்கிறது. கல்வீச்சை மறைக்கவில்லை. கடைசியில் இருக்கும் பஸ் தகவல்தான் கீழே காத்திருக்கும் வியாபாரிக்கும் கூலித்தொழிலாளிக்கும் முக்கியம். ஆனால் பஸ் ஓடுவதை டெப்போவிலோ, மேலே போய் வந்த டிரைவர், கண்டக்டரிடமோ கேட்ட பிறகுதான் அந்த வரியைப் போட வேண்டும்.

தவிர்க்க வேண்டிய வார்த்தைகளில் எல்லாவற்றையும் விட மோசமானவை "பதிலடி", "பழிக்குப்பழி". முதல் அடி யார், இரண்டாவது அடி யார் என்று பத்திரிகையே கணக்கு எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அடுத்த அடி யாருடைய முறை என்றும் அது சொல்லாமல் சொல்கிறது.

யாரிடம் கேட்பது?

தலைப்பு பாதி வேலை என்றால் மீதி பாதி, தகவல் எங்கே இருந்து வந்தது என்பது. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு இடம் உண்டு.

காயம் பட்டவர்கள் எண்ணிக்கைக்கு ஆஸ்பத்திரிதான் இடம். ஆனால் மலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. காயம்பட்டவர் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவார். அங்கே முதலுதவி செய்து வத்தலக்குண்டுக்கு அனுப்புவார்கள். காயம் பெரிது என்றால் அங்கிருந்து திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஒரே ஆள் மூன்று இடத்து பதிவேட்டிலும் இருப்பார். மூன்று இடத்துக்கும் போன் போட்டு கூட்டினால் 4 பேர் 12 பேர் ஆகிவிடுவார்கள். பெயரையும் வயதையும் ஒத்துப்பார்த்த பிறகே எண்ணிக்கை எழுத வேண்டும். "அனுமதி" எத்தனை பேர், "முதலுதவி பெற்று வீடு திரும்பியவர்" எத்தனை பேர் என்றும் பிரிக்க வேண்டும்.

அந்தப் பெயர்களை செய்தியில் போட வேண்டிய அவசியம் இல்லை. காயம்பட்டவர்களை சமூகவாரியாகப் பிரித்து, இவர்களில் இத்தனை, அவர்களில் இத்தனை என்று எழுதக்கூடாது என்பதும் பத்திரிகை கவுன்சில் விதி. காரணம் எளிது. அந்த கணக்கைப் பார்த்தவுடன் குறைவாக அடி வாங்கிய பக்கம் கொக்கரிக்கும், அதிகம் வாங்கிய பக்கம் சமன் செய்யப் பார்க்கும்.

வழக்கு விவரத்துக்கு போலீஸ் நிலையம். இங்கே கவனிக்க வேண்டியது, இப்படிப்பட்ட தகராறில் பெரும்பாலும் இரண்டு புகார் வரும், இரண்டு வழக்கு பதிவாகும். ஒன்றை மட்டும் பார்த்து எழுதினால் ஒரு தரப்பு மட்டும் குற்றவாளி ஆகிவிடும். இரண்டு முதல் தகவல் அறிக்கையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அதேசமயம், இரண்டு வழக்கு பதிவானதாலேயே இரண்டு பக்கமும் சம குற்றம் என்றும் ஆகாது. எந்த வழக்கில் என்ன பிரிவு, யாருக்கு என்ன காயம் என்று எழுதினால் போதும். வழக்கில் பெயர் இருப்பவர் "குற்றவாளி" அல்ல, "குற்றம் சாட்டப்பட்டவர்". கோர்ட்டு சொன்ன பிறகே முதல் வார்த்தை.

போலீசார் சொல்வதை "போலீசார் தெரிவித்தனர்" என்று சொல்லித்தான் எழுத வேண்டும். துப்பாக்கிச்சூடோ, தடியடியோ, வீடு புகுந்து கைதோ நடந்திருந்தால் போலீசாரும் அந்த சம்பவத்தில் ஒரு தரப்பு. அப்போது கோட்டாட்சியர், டாக்டர், அடிபட்டவர், அக்கம்பக்கத்தார் என்று வேறு வாய்களும் செய்தியில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, இரண்டு பக்கமும் சேராதவர்கள். கண்ணாடி உடைந்த கடைக்காரர், அந்த நேரத்தில் பஸ்சை நிறுத்திய கண்டக்டர், கிராம நிர்வாக அதிகாரி, பள்ளிக்கூட வாத்தியார். நேரம் என்ன, முதலில் எங்கே கூட்டம் கூடியது, எப்போது முடிந்தது என்பதை இவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். பயத்தில் பெயர் வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடலாம். ஆனால் "நேரில் பார்த்தேன்" என்கிறாரா, "அப்படித்தான் பேசிக்கிட்டாங்க" என்கிறாரா என்று கேட்டு பிரிக்க வேண்டும். இரண்டாவது ரகம் செய்திக்கு உதவாது.

கடைசியில்தான் சங்கத் தலைவர்களும் கட்சிக்காரர்களும். பல நேரம் அவர்கள் ஊரிலேயே இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் முதல் போன் அவர்களிடம் இருந்துதான் வரும், பேச்சும் காரமாக இருக்கும். அதை அப்படியே தலைப்பாக்கினால் எழுதுவது சுலபம். ஆனால் தெருவில் நடந்தது பின்னால் போய், மேடைப்பேச்சு முன்னால் வந்துவிடும். கோரிக்கை என்ன என்பதை எழுதலாம். மறுதரப்பைத் திட்டியதை எழுத வேண்டாம். விரோதத்தை தூண்டும் பேச்சு, எழுத்து எதுவானாலும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டம் 196-வது பிரிவில் குற்றம். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதிக்கு முன்பு இது இந்திய தண்டனை சட்டத்தில் 153-ஏ என்று இருந்தது.

படம் பொய் சொல்லும்

செல்போனில் வரும் வீடியோவை வைத்து செய்தி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்ததே சாட்சி. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வட மாநிலங்களில் வீடியோக்கள் பரவின. சில செய்தி நிறுவனங்களும் அதை எடுத்துப் போட்டன. பயந்துபோன தொழிலாளர்கள் பலர் சொந்த ஊருக்கு ரெயில் ஏறினார்கள். பீகார் சட்டசபையில் அமளி நடந்தது.

தமிழக போலீசார் விசாரித்தபோது, அந்த வீடியோக்கள் சொல்லப்பட்ட மாதிரி இல்லை என்று தெரிந்தது. ஒன்று, வெளிமாநில தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மோதியது. வீடியோவில் இருந்த சண்டை உண்மை. அதன் மேல் எழுதிய வரிதான் பொய். பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனது. இந்தி நாளிதழ் ஆசிரியர் ஒருவர் உள்பட சிலர் மீது வழக்கு பதிவானது.

இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். வீடியோவில் உள்ள கடைப்பலகை, பஸ் நம்பர், ஆட்கள் பேசும் பேச்சு, போட்டிருக்கும் உடை ஆகியவற்றைப் பார்த்தாலே பாதி தெரியும். மலையில் பனி நேரத்தில் எடுத்த படம் என்று சொல்லி, சுட்டெரிக்கும் வெயிலில் பனைமரம் தெரிந்தால் அது வேறு ஊர். அனுப்பியவர் எடுத்தாரா, அவருக்கு யாரோ அனுப்பியதா என்று கேட்டால் மீதியும் தெரிந்துவிடும். எடுத்த ஆள் கிடைக்காத படத்தை போடாமல் விடுவதே நல்லது. பழைய படம் போட்டால் "பழைய படம்" என்று படத்தின் கீழேயே எழுத வேண்டும்.

மறுநாள் செய்தி

முதல் நாள் செய்தியோடு வேலை முடிவதில்லை. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் சமாதானக் கூட்டம் நடத்துவார். முதல் கூட்டத்திலேயே எல்லாம் முடிந்துவிடாது. "சமாதானக் கூட்டம் தோல்வி" என்று தலைப்பு போட்டால், இனி பேசிப் பிரயோஜனம் இல்லை என்று ஊருக்குள் செய்தி போகும். "முடிவு ஏற்படவில்லை, 2 நாளில் மீண்டும் கூட்டம்" என்பதும் அதே உண்மைதான். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று அதில் தெரியும். உத்தப்புரத்தில் முடிவுக்கு வர மூன்றரை வருஷம் ஆனது. முதல் கூட்டத்தோடு எல்லாம் போச்சு என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

முதல் நாள் எண்ணிக்கை தப்பாகியிருந்தால் அதைத் திருத்துவதும் மறுநாள் வேலை. இணையதளத்தில் சத்தம் இல்லாமல் எண்ணை மாற்றிவிட்டால் போதாது. பழைய எண் அதற்குள் நூறு போனுக்கு போயிருக்கும். "முதலில் 12 பேர் என்று வெளியான தகவல் தவறு, காயம் அடைந்தவர்கள் 4 பேர்" என்று செய்தியின் மேலேயே எழுத வேண்டும்.

இந்த விதிகளை மீறினால் பெரிய தண்டனை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. பத்திரிகை கவுன்சிலுக்கு எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் அதிகாரம். அபராதம் போட முடியாது. டி.வி.க்களும் செல்போனில் செய்தி பரப்புகிறவர்களும் அதன் வரம்பிலேயே வரவில்லை. அதனால் செய்தி எழுதுகிறவருக்கு அடுத்தபடியாக, அதை மற்றவர்களுக்கு அனுப்புகிறவர் கையில்தான் விஷயம் இருக்கிறது.

டீக்கடையில் ஒரு மோதல் செய்தியைப் படிக்கிறவர் மூன்றே விஷயத்தைப் பார்த்தால் போதும். எந்த தெரு, எத்தனை மணி என்று இருக்கிறதா? ஒவ்வொரு தகவலையும் சொன்னது யார் என்று இருக்கிறதா? தலைப்பில் உள்ளது உள்ளேயும் இருக்கிறதா? இந்த மூன்றும் இல்லாத செய்தி கைக்கு வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாமல், உள்ளூரில் தெரிந்தவருக்கு ஒரு போன் போட்டு "என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.